தாடைப் பரு: சாலிசிலிக் ஃபேஸ்வாஷா, அடாபலீன் ஜெல்லா?

மாதவிடாய் நிற்கும் காலத்தில் ஈஸ்ட்ரோஜன் குறைய, கன்னம் வறண்டு தொய்கிறது. ஆண்ட்ரோஜன் என்ற ஆண் ஹார்மோனின் கை ஓங்க, தாடையில் பரு கிளம்புகிறது. சாலிசிலிக் ஃபேஸ்வாஷ் கடையிலேயே கிடைக்கும், அடைத்த துளைகளைத் திறக்கும். ஆனால் முகம் முழுக்கப் படுவதால், ஏற்கெனவே காய்ந்த கன்னம் கழுவியதும் இழுத்துப் பிடிக்கும்.

என் ஓட்டு வைட்டமின் ஏ வகை மருந்தான 0.1% அடாபலீன் ஜெல்லுக்கு. பருவைக் குறைப்பதோடு மெல்லிய சுருக்கங்களையும் மெதுவாக ஓரளவு மட்டுப்படுத்தக்கூடும். தொங்கிய தாடையைத் தூக்கிவிடாது. டாக்டரிடம் கேட்டுவிட்டு, வாரம் 2 இரவு, முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் பட்டாணி அளவு ஜெல். லேசாக உரிந்தால் இடைவெளியைக் கூட்டுங்கள். எரிச்சல் அடங்காவிட்டால் நிறுத்துங்கள். பலன் தெரிய 12 வாரம் வரை ஆகும். பகலில் சன்ஸ்கிரீன் கட்டாயம். மாதவிடாய் இன்னும் முழுதாக நிற்காமல், கருத்தரிக்க வாய்ப்பிருந்தால் அடாபலீன் வேண்டவே வேண்டாம்.