கையால் வரைந்த லோகோ வெக்டராக: ஆட்டோ ட்ரேஸா, பேனா டூலா?

பொள்ளாச்சியில் ஆட்டும் தேங்காய் எண்ணெய்க்கு லேபிள் போடுவதென்றால் பெரும்பாலும் இரண்டு எழுத்திலும் போட வேண்டும். கோபாலபுரம் செக்போஸ்ட்டைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டம். இங்கே 'எண்ணெய்' என்று படிப்பவர் கையிலும், அங்கே மலையாள எழுத்தில் 'வெளிச்செண்ண' என்று படிப்பவர் கையிலும் ஒரே டின்தான் போய்ச் சேரும். இப்படி ஒரு லோகோவையே எடுத்துக்கொள்வோம். ஏ4 தாளில் கறுப்பு மார்க்கரால் 15 செ.மீ. அகலத்துக்கு வரைந்தது: நடுவில் தேங்காய் மூடி, அதன் மேல் வளைந்து நிற்கும் ஒரு கீற்று, கீழே இரு மொழி எழுத்துகள். கீற்று மட்டும் பிரஷ்ஷால் இழுத்தது. இது லேபிளில் 6 செ.மீ. அளவுக்கு அச்சாக வேண்டும். டெலிவரி வேனில் 90 செ.மீ. அளவுக்கு வினைல் ஸ்டிக்கராகவும் வெட்டப்பட வேண்டும்.

செய்ய இரண்டு வழி உண்டு. ஒன்று, ஸ்கேனை ட்ரேஸ் செய்து, வளைவுகளை எளிமையாக்கி, நோடுகளைக் குறைப்பது. மற்றொன்று, ஸ்கேனைக் கீழே வைத்துவிட்டு பேனா டூலால் புதிதாக வரைவது. லேபிளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. வேனில் தெரியும். தாளில் 0.2 மி.மீ. பிசகியது அங்கே ஆறு மடங்காகி 1.2 மி.மீ. ஆகிவிடும். வழவழப்பாக ஓட வேண்டிய வளைவில் அவ்வளவு மேடு பள்ளம் இருந்தால் தெருவில் நிற்பவர் கண்ணுக்கே படும்.

இங்கே சொல்லும் கட்டளைகள் இங்க்ஸ்கேப்புக்கு உரியவை. நம் ஊர் ஸ்டிக்கர் கடைகளில் கோரல்தான் அதிகம். அதில் பவர்ட்ரேஸும் ஷேப் டூலும் இதே வேலையைச் செய்யும், பிரச்சினைகளும் இவைதான்.

ட்ரேஸ் செய்யும் வழி

முதலில் ஸ்கேன். 300 டிபிஐ, கிரேஸ்கேல் போதும். போனில் எடுத்தால் ஒரு பக்கம் நிழல் விழுந்திருக்கும். அப்போது ஒரே த்ரெஷோல்டு தாள் முழுக்கப் பொருந்தாது, ஒரு மூலையில் கோடு மெலியும், எதிர் மூலையில் தாளே கறுக்கும். ஸ்கேனர் கிடைக்கும்போது போன் வேண்டாம்.

`Path > Trace Bitmap` திறந்து `Brightness cutoff` தேர்ந்தால் த்ரெஷோல்டு 0.45 என்று இருக்கும். மார்க்கர் கோட்டுக்கு அங்கிருந்தே தொடங்கலாம். எண்ணைக் கூட்டினால் சாம்பல் நிறமும் கறுப்பில் சேரும், கோடு தடிக்கும். தமிழ் எழுத்தில் இதன் விளைவை முதலில் காட்டுவது 'ண'. அதன் சுழிகள் சின்னவை, மார்க்கர் மை ஏற்கெனவே கொஞ்சம் பரவியிருக்கும். 0.45-லேயே சுழி அடைந்து பொட்டு மாதிரி வந்தால் 0.38, 0.35 என்று இறக்கிப் பாருங்கள். சுழி திறக்கும், ஆனால் மெல்லிய கோடுகள் அறுந்துபோகவும் தொடங்கும். இரண்டுக்கும் இடைப்பட்ட எண் கிடைக்கவில்லை என்றால் எழுத்தையும் படத்தையும் தனித்தனியாக ட்ரேஸ் செய்வதே சரி.

அதற்குக் கீழே மூன்று அமைப்புகள் இருக்கின்றன. `Speckles` என்பது இத்தனை பிக்சலுக்குக் குறைவான புள்ளிகளைத் தூக்கிவிடு என்று சொல்வது. தூசி போகட்டும் என்று இதை ஒரேயடியாக ஏற்றிவிடுவார்கள். தாளில் 1.5 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு மெய்ப்புள்ளி 300 டிபிஐ ஸ்கேனில் சுமார் 18 பிக்சல் குறுக்களவு வரும், பரப்பு ஏறக்குறைய 250 பிக்சல். `Speckles` 300 என்று வைத்தால் தூசியோடு அந்தப் புள்ளியும் போய்விடும். 'எண்ணெய்' என்பது 'எணணெய' ஆகி நிற்கும். வேலை மும்முரத்தில் இது கண்ணில் படுவதில்லை, அச்சான பிறகுதான் தெரியும். 20, 30-க்கு மேல் போகாமல், மிச்சத் தூசியைக் கையால் அழிப்பது நல்லது.

`Smooth corners` 0 என்றால் எல்லாம் பலகோணம், 1.34 என்றால் மூலையே கிடையாது. இயல்பாக 1.0 இருக்கும். கீற்றின் நுனிகள் மழுங்கினால் 0.8-க்கு இறக்கிப் பார்க்கலாம்.

மூன்றாவது `Optimize`. நோடு குறைக்கும் வேலையில் இதைப் பலர் தொடுவதே இல்லை. இயல்பாக 0.2-ல் இருக்கும். 1 வரை கூட்டினால், அடுத்தடுத்துள்ள வளைவுத் துண்டுகளில் ஒன்றாகச் சேரக்கூடியவற்றைச் சேர்த்துவிடும். இங்க்ஸ்கேப்புக்குள் இருந்து ட்ரேஸ் செய்யும் போட்ரேஸ், மூலை என்று தான் முடிவு செய்த இடத்தைத் தாண்டித் துண்டுகளைச் சேர்க்காது. அதனால் நோடு குறைந்தாலும் நுனி நுனியாகவே இருக்கும்.

`Ctrl+L`, அதாவது `Simplify`, அப்படி அல்ல. அது பாதை முழுவதையும் ஒரு குறிப்பிட்ட பிசகுக்குள் மறுபடி பொருத்திப் பார்க்கிறது. மூலைகளுக்குத் தனிச் சலுகை கிடையாது. கீற்றின் நுனி மழுங்குவதும், மூடியின் விளிம்பு லேசாக உப்புவதும் இதனால்தான். இன்னும் இரண்டு சங்கதிகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒன்று, அந்தப் பிசகு எவ்வளவு என்பது தேர்ந்தெடுத்த வடிவத்தின் அளவைப் பொறுத்தது. 15 செ.மீ. லோகோவை மொத்தமாகத் தேர்ந்து அழுத்தினால், பெரிய கீற்று தாங்கிக்கொள்ளும் அதே பிசகு சின்ன மெய்ப்புள்ளிக்கும் வரும், புள்ளி முட்டையாகும். `Path > Break Apart` போட்டு ஒவ்வொன்றாக எளிமையாக்கினால் இந்தச் சேதம் குறையும். ஆனால் அதில் சுழிகளின் உள்வெளி நிரம்பிவிடும், கடைசியில் எழுத்துவாரியாகத் தேர்ந்து `Path > Combine` செய்து திறந்தாக வேண்டும். இரண்டாவது, `Ctrl+L`-ஐ வேகமாகத் திரும்பத் திரும்ப அழுத்தினால் ஒவ்வொரு முறையும் அந்தப் பிசகின் அளவு கூடிக்கொண்டே போகும். சற்றே இடைவெளி விட்டு அழுத்தினால்தான் பழைய அளவிலேயே வேலை செய்யும்.

எளிமையாக்கும் முன் `Ctrl+D` போட்டு ஒரு நகலுக்குச் சிவப்பு நிறம் கொடுத்து அடியில் வையுங்கள். எளிமையாக்கிய பின் சிவப்பு எங்கெல்லாம் எட்டிப் பார்க்கிறதோ, அங்கெல்லாம் வடிவம் விலகியிருக்கிறது. எவ்வளவு விலகியது என்பதையும் அதே இடத்தில் அளந்துவிடலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் மிச்சமிருக்கும் குறை, நோடுகள் தவறான இடத்தில் இருப்பது. ட்ரேஸ் நோடுகளை ஸ்கேனின் மேடு பள்ளத்தை வைத்துப் போடுகிறதே தவிர, வளைவு எங்கே திரும்புகிறது என்று பார்த்துப் போடுவதில்லை. ஓவல் மூடியின் வலது ஓரத்தில் நோடு இருக்காது, அதற்குக் கொஞ்சம் மேலே ஒன்றும் கீழே ஒன்றும் இருக்கும். சரிசெய்ய, நோடு டூலில் அந்தத் துண்டைத் தேர்ந்து, நோடு சேர்க்கும் பட்டனின் கீழ்ப்பட்டியலில் உள்ள `Insert Node at Max X` கொடுத்தால் சரியான ஓரத்தில் ஒரு நோடு விழும். பிறகு அக்கம்பக்கத்து நோடுகளை `Delete` கொண்டு நீக்கலாம், வடிவத்தை முடிந்தவரை காப்பாற்றிக்கொண்டே நீக்கும். ஒவ்வொரு வளைவுக்கும் இப்படிச் செய்ய வேண்டியிருந்தால், புதிதாக வரைவதே சீக்கிரம் முடியும்.

பேனா டூல் வழி

இதில் நோடு எங்கே விழ வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்கிறீர்கள். விதி ஒன்றுதான்: வளைவின் மேல், கீழ், இடது, வலது உச்சிகளில் நோடு வையுங்கள், கைப்பிடிகள் கிடையாகவோ செங்குத்தாகவோ இருக்கட்டும். `Ctrl` அழுத்திக்கொண்டு இழுத்தால் கைப்பிடி 15 பாகைப் படிகளில் நகரும், நேராக நிறுத்துவது எளிது. ஒரு துண்டு வளைவுக்குக் கால் வட்டத்துக்கு மேல் சுமையேற்றாமல் இருந்தால் உப்பல் வராது.

மூடியை எடுத்துக்கொள்வோம். 40 மி.மீ. அகலம், 30 மி.மீ. உயரம். நான்கு நோடு. கைப்பிடியின் நீளம் அரைக் குறுக்களவில் சுமார் 0.55 பங்கு, அதாவது மேலும் கீழும் உள்ள கிடைக் கைப்பிடிகள் 11 மி.மீ., பக்கங்களில் உள்ள செங்குத்துக் கைப்பிடிகள் 8.3 மி.மீ. கணக்கு வேண்டாம் என்றால் எலிப்ஸ் டூலால் வரைந்து `Path > Object to Path` கொடுங்கள், அதே நான்கு நோடுகள் கிடைக்கும். பிறகு ஸ்கேனைப் பார்த்துக் கீழ் நோடை அரை மில்லி இறக்கி, ஒரு பக்கக் கைப்பிடியைக் கொஞ்சம் நீட்டினால், கையால் வரைந்த சாயல் கெடாமல் வளைவு மட்டும் சுத்தமாகும். காம்பஸ் வைத்த மாதிரி ஆக்கிவிட்டால் வரைந்தவரின் கை அதில் இருக்காது, லோகோவே மாறிவிடும்.

மார்க்கர் எழுத்து ஒரே தடிமனில் ஓடுவதால் அதன் இரு கரைகளையும் வரைய வேண்டியதில்லை. கோட்டின் நடுவே ஒரே பாதையாக ஓட்டி, ஸ்ட்ரோக் தடிமனை 3 மி.மீ. என்று கொடுத்தால் போதும். ட்ரேஸ் வழியில் 'ண'-வின் தடிமன் இடத்துக்கு இடம் மாறுவது ஏன் என்பதும் இதிலிருந்தே புரியும். அது இரண்டு கரைகளையும் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் பின்தொடர்கிறது. எளிமையாக்கும்போது ஒரு கரை ஒரு பக்கமும் மற்றது எதிர்ப்பக்கமும் விலகுகிறது.

இந்த வழியின் பெரிய ஆபத்து மலையாள எழுத்தில் இருக்கிறது. அந்த எழுத்தை வாசிக்காதவர் வரைந்தால், 'ச்ச' கூட்டெழுத்தில் எந்த வளைவு எதோடு சேர்கிறது, 'ண்ண'வில் சுழி எங்கே மூடுகிறது என்பதை ஊகித்துத்தான் போவார். ட்ரேஸ் ஊகிப்பதில்லை, தாளில் இருப்பதை அப்படியே எடுக்கிறது. பேனா வழியில் போனால் கோப்பு கடைக்குப் போகும் முன் மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரிடம் அவசியம் காட்டுங்கள்.

கட்டர் சொல்லும் தீர்ப்பு

வினைல் கட்டரில் பிளேடு பாதையின் வழியே போகும். நோடுகள் நெருங்கியிருந்தால் குட்டிக் குட்டித் துண்டுகளாகத் திசை மாறி மாறி வெட்டும். வேகம் குறையும், வினைல் ஓரம் பிசிறும், கூர்மூலையில் கிழியும். ட்ரேஸில் தப்பிய தூசி ஒவ்வொன்றும் தனித் துண்டாக வெட்டுப்பட்டு, உரிக்கும்போது டேப்பில் ஒட்டிக்கொண்டு வரும்.

பேனா வழிக்கும் இங்கே ஒரு பொறி உண்டு. கட்டர் ஸ்ட்ரோக் தடிமனைப் பார்க்காது, நடுக்கோட்டை மட்டும் வெட்டிவிட்டுப் போய்விடும். அனுப்பும் முன் `Path > Stroke to Path`, பிறகு கோடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இடங்களில் `Path > Union`. இல்லையென்றால் எழுத்துக்குள்ளேயே வெட்டு விழும். இது செய்தபின் நோடுகள் பெருகிவிடும், திருத்தவும் கஷ்டம். எனவே ஸ்ட்ரோக் உள்ள மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்த லோகோவுக்கு எங்கள் தேர்வு இது: எழுத்துகளும் மூடியும் பேனா டூலில், கீற்று ட்ரேஸில். பிரஷ் பிசிறை நோடு நோடாக வரைவது வீண்வேலை, அதன் உயிரும் போய்விடும். லேபிளுக்கு அந்த ட்ரேஸ் கீற்றை `Optimize` 1 வைத்து அப்படியே விடலாம். வேனுக்கு மட்டும் கீற்றின் இரண்டாவது பிரதி வேண்டும்: வெட்டும் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்து 1 மி.மீ.க்கும் மெலிந்த பிசிறுகளை நீக்கி, ஓலைகளைத் தெளிவான நுனிகளோடு திருத்தியது. எழுத்து மார்க்கரில் இல்லாமல் தடித்தும் மெலிந்தும் போகும் பிரஷ் எழுத்தாக இருந்தால் ஸ்ட்ரோக் முறை உதவாது. அப்போது எழுத்துக்கும் கரைகளைத்தான் வரைய வேண்டும், உச்சி நோடு விதி மட்டும் அப்படியே பொருந்தும்.