ஓடும்போது ஸோனா, காலையில் நாடியா? பள்ளி ஓட்டக்காரருக்கு எதைக் கவனிப்பது

என் மகளுக்கு 14 வயது, 800 மீட்டரும் 1500 மீட்டரும் ஓடுகிறாள். குறுவட்டப் போட்டியைத் தாண்டி மாவட்ட அளவுக்குப் போனதும், அவளுடைய இதயத் துடிப்பைக் கவனிக்கத் தொடங்கலாம் என்று முடிவு செய்தோம். வழி இரண்டு இருந்தது. ஓடும்போது துடிப்பு எந்த ஸோனில் இருக்கிறது என்று கைக்கடிகாரத்திலோ நெஞ்சுப் பட்டையிலோ பார்ப்பது ஒன்று. காலையில் எழுந்ததும் படுக்கையிலேயே நாடியை எண்ணி நோட்டில் எழுதி, வாரக் கணக்கில் அது எப்படிப் போகிறது என்று பார்ப்பது இன்னொன்று. இரண்டையும் செய்து பார்த்துவிட்டு நாங்கள் காலை நாடியைத்தான் பிடித்துக்கொண்டோம்.

ஸோன் என்பது தெரிந்த கதைதான். உச்சத் துடிப்பு எவ்வளவோ அதை வைத்து ஐந்து பங்காகப் பிரிப்பார்கள், மெதுவான நீண்ட ஓட்டம் ஸோன் 2, மூச்சு முட்ட வேகமாக ஓடி, இடையில் இளைப்பாறி, மறுபடி ஓடும் இன்டர்வல் எல்லாம் ஸோன் 5. சிக்கல் அந்த உச்சத் துடிப்பில்தான் தொடங்குகிறது. 220-இல் இருந்து வயதைக் கழித்தால் என் மகளுக்கு 206 வரும். ஆனால் இந்தக் கணக்கு பெரியவர்களை வைத்து வந்த தோராயம். வளரும் பிள்ளைகளுக்கு உச்சத் துடிப்பு வருடத்துக்கு ஒன்று என்று ஒழுங்காகக் குறைவதில்லை, பெரும்பாலும் 200-ஐ ஒட்டியே நிற்கும், ஒரே வயதுள்ள இரண்டு பேருக்குள் பத்து துடிப்பு வித்தியாசம் வருவதும் சாதாரணம்.

சரி, 206 என்றே வைத்துக்கொள்வோம். ஸோன் 2 என்பது 60 முதல் 70 சதவீதம் என்றால் 124 முதல் 144 வரை. இன்னொரு முறையில், உச்சத்திலிருந்து ஓய்வுத் துடிப்பைக் கழித்து, மீதிக்குச் சதவீதம் போட்டு, ஓய்வுத் துடிப்பைத் திரும்பக் கூட்டுவார்கள். அவள் ஓய்வுத் துடிப்பு 66. அப்படிப் போட்டால் அதே ஸோன் 2, 150 முதல் 164 வரை வருகிறது. ஒரே பிள்ளை, ஒரே பெயர், ஆனால் இரண்டு எல்லைகளும் ஒன்றையொன்று தொடக்கூட இல்லை. கடிகாரம் எந்த முறையில் கணக்குப் போடுகிறது என்று செட்டிங்கில் பார்க்காமல் 'இன்று ஸோன் 3-இல் ஓடினாள்' என்று பேசுவதில் பொருளே இல்லை.

மணிக்கட்டுக் கடிகாரத்தில் இன்னொரு தொல்லை உண்டு. ஓடும்போது கை ஆடுகிற தாளத்தை அது சில நேரம் துடிப்பாக எண்ணிவிடும். பிள்ளைகள் நிமிடத்துக்கு 170, 180 எட்டு வைப்பார்கள், கடிகாரமும் 175 என்று காட்டும். ஓடத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே எண் அங்கே ஏறி, அப்புறம் அசையாமல் நின்றால் சந்தேகப்படுங்கள். நிறுத்தச் சொல்லி உடனே கழுத்தில் விரல் வைத்துப் பத்து வினாடி எண்ணி ஆறால் பெருக்கினால் தெரிந்துவிடும். உடனே எண்ண வேண்டும், பிள்ளைகளுக்குத் துடிப்பு மளமளவென்று இறங்கிவிடும். நெஞ்சுப் பட்டையில் இந்தக் குழப்பம் குறைவு. ஆனால் எது மாட்டினாலும் நம் ஊர் வெயில் சேர்ந்துகொள்ளும். ஏப்ரலில் சாயங்காலம் நாலரை மணிக்கு, வேகம் மாறாமலே, ஓட்டத்தின் கடைசியில் துடிப்பு பத்துக்கு மேல் கூடி நிற்கும். மெதுவான ஓட்டம் மெதுவாகத்தான் இருக்கிறதா என்று பார்க்க, பக்கத்தில் ஓடுகிற தோழியிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று கேட்டாலே போதும் என்பார் அவளுடைய பி.டி. சார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன்.

காலை நாடி எனக்குப் பிடித்ததற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: நேற்றையும் இன்றையும் ஒப்பிட முடிகிறது. வெயில் இல்லை, மேடு இல்லை, வேகம் இல்லை. விழித்ததும், எழுந்து பாத்ரூம் போவதற்கு முன்பே, மல்லாந்து படுத்தபடி கட்டை விரலுக்குக் கீழே மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து எண்ண வேண்டும். பதினைந்து வினாடி எண்ணி நாலால் பெருக்காதீர்கள். இந்த வயதில் மூச்சை இழுக்கும்போது நாடி வேகமாகும், விடும்போது மெதுவாகும், நன்றாகவே விரலில் தெரியும். அது இயல்பு, பயிற்சி பெற்ற பிள்ளைகளுக்கு இன்னும் தெளிவாகவே இருக்கும். அதனால் முழு ஒரு நிமிடம் எண்ணினால்தான் எண் நிலையாக வரும். மூச்சோடு சேராமல் தாறுமாறாகத் துடித்தாலோ, ஓடும்போது நெஞ்சு வலி, மயக்கம் வந்தாலோ நோட்டுப் புத்தகத்தை விட்டுவிட்டு டாக்டரிடம் போய்விட வேண்டும்.

ஒரு நாள் எண்ணுக்கு மதிப்பில்லை, வாரச் சராசரிதான் கணக்கு. அவளுக்கு 66, 65, 66 என்று வாரங்கள் போய்க்கொண்டிருந்தபோது ஒரு திங்கள்கிழமை 72, செவ்வாய் 74, புதன் 73. காய்ச்சல் இல்லை, 'நல்லாத்தான் இருக்கேன்பா' என்றாள். புதன்கிழமை இன்டர்வலை எடுத்துவிட்டு நடையும் லேசான ஓட்டமும் மட்டும் செய்யச் சொன்னோம். வியாழன் தொண்டை வலி, வெள்ளி காய்ச்சல். எப்போதும் இவ்வளவு தெளிவாக வராது. தேர்வு நேரத்தில் பதினோரு மணிவரை படித்தாலும் ஏறும், மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் இரண்டு மூன்று கூடும். அதையெல்லாம் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு சொல்லில் எழுதி வைத்தால் பிறகு குழப்பம் இல்லை. வழக்கத்தைவிட ஐந்தாறு கூடி, மூன்று நாள் விடாமல் நின்றால் அன்றைய கடின பயிற்சியைத் தள்ளிவைப்பது என்பது எங்கள் வீட்டு விதி.

மெதுவான ஏற்றத்தை இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். வாரம் ஒன்று ஒன்றாகக் கூடி, லேப் நேரமும் மந்தமாகி, மாடிப்படி ஏறினாலே களைப்பு என்றால், பெண் பிள்ளைகளுக்கு முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். இந்த வயதில் 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை. பள்ளியில் வாரம் ஒரு முறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையைப் பலர் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடுகிறார்கள். பயிற்சியைக் கூட்டி இதைச் சரிசெய்ய முடியாது.

ஆனால் இறக்கத்தை உடனே கொண்டாட முடியாது. பயிற்சியால் ஓய்வுத் துடிப்பு குறைவது உண்மை, இதயம் ஒரு துடிப்புக்கு அதிக ரத்தம் தள்ளத் தொடங்கும். ஆனால் வளர வளர எல்லாப் பிள்ளைகளுக்குமே அது குறைந்துகொண்டுதான் வரும். ஒரு வருடத்தில் 70 இலிருந்து 66 ஆனதில் ஓட்டத்தின் பங்கு எவ்வளவு, வயதின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க வழியில்லை. பக்கத்து லேனில் ஓடும் பெண்ணுக்கு 58 என்பதால் அவள் முந்துவாள் என்றும் இல்லை. அதனால் காலை நாடியை உடல் தேறிவிட்டதா என்று கேட்கத்தான் பயன்படுத்துகிறேன், உடற்தகுதிக்குச் சான்றாக அல்ல.

உடற்தகுதி கூடியிருக்கிறதா என்பதற்குத் துடிப்பை வைத்தே பதில் வேண்டுமென்றால், நெஞ்சுப் பட்டை அங்கேதான் வேலைக்கு வருகிறது, அதுவும் ஸோன் இல்லாமல். மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு முறை, காலை ஆறு மணிக்கு, 400 மீட்டர் டிராக்கில் நாலு சுற்று, ஒவ்வொன்றும் 2 நிமிடம் 15 வினாடி. கடைசிச் சுற்றின் துடிப்பை மட்டும் எழுதுகிறோம். ஜூனில் 176, ஆகஸ்டில் 168 என்று அதே வேகத்துக்கு இறங்கினால் அது நிஜமான முன்னேற்றம். இது நடுத்தர தூரம் ஓடும் ஒரு பெண்ணை வைத்துச் சொல்வது, 100, 200 மீட்டர் ஓடுகிறவர்களுக்கு இந்தச் சோதனையை நான் பரிந்துரைக்க மாட்டேன். பட்டையைப் பள்ளியிலோ தெரிந்தவரிடமோ அந்த ஒரு காலைக்கு இரவல் வாங்கினாலும் சரி, ஒவ்வொரு முறையும் அதே பட்டையாக இருந்தால் போதும்.