ஒரே ஆணி, இரண்டு சக்கரம்: டியூபா, டியூப்லெஸ்ஸா?

அச்சிறுப்பாக்கம் தாண்டி திண்டிவனம் போகிற வழியில், ஒரே அளவு ஆணி இரண்டு பைக்குகளின் பின்சக்கரத்தில் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒன்று ஸ்போக் வீல், உள்ளே டியூப். மற்றது அலாய் வீலில் டியூப்லெஸ் டயர். பின்சக்கரம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. படுத்துக் கிடக்கும் ஆணியை முன்சக்கரம் தட்டி எழுப்பிவிடும், குத்து வாங்குவது பெரும்பாலும் பின்னால் வரும் சக்கரம்தான்.

டியூப் வண்டியில் ஆணி டயரைத் தாண்டி டியூபைத் தொட்டதுமே விஷயம் முடிந்துவிடும். இழுபட்டு நிற்கிற மெல்லிய ரப்பர் என்பதால் துளை சட்டென்று கிழிசலாகிவிடும். வெளியே வந்த காற்று டயருக்கும் டியூபுக்கும் நடுவில் புகுந்து, ஸ்போக் துளைகள் வழியாகவும் வால்வு ஓட்டை வழியாகவும் ஓடிவிடும். கொஞ்ச தூரத்திலேயே வண்டியின் பின்பக்கம் ஆட ஆரம்பிக்கும். அப்போது பின் பிரேக்கை ஓங்கி மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரை விட்டு, ஹேண்டிலை நேராகப் பிடித்து, முன் பிரேக்கை மெதுவாகத் தொட்டு ஓரங்கட்ட வேண்டும்.

டியூப்லெஸ்ஸில் காற்றைப் பிடித்து வைப்பது டயரேதான். உட்புறம் காற்று கசியாத ரப்பர் பூச்சு ஒன்று இருக்கும், அது ஆணியை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆணி தன் துளையைத் தானே அடைத்துக்கொண்டு நிற்பதால், பல சமயம் மறுநாள் காலை காற்று குறைந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் பஞ்சர் என்றே தெரியும். என்னைக் கேட்டால் டியூப்லெஸ்ஸின் பெரிய லாபம் இதுதான். பஞ்சர் போடுவது சுலபம் என்பதெல்லாம் இரண்டாவது. 60 கிலோமீட்டர் வேகத்தில் லாரிகளுக்கு நடுவே போகும்போது, காற்று மெதுவாக இறங்குவதற்கும் சட்டென்று இறங்குவதற்கும் உள்ள வித்தியாசம் உயிர் சம்பந்தப்பட்டது.

சரி, வண்டி ஓரமாக நின்றுவிட்டது. இனி ரிப்பேர்.

டியூப்லெஸ் வண்டியில் முதல் விதி, கையில் பஞ்சர் கிட் இல்லாமல் ஆணியைப் பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் மெதுவாக இறங்கிய காற்று மொத்தமும் போய்விடும். கொஞ்சம் காற்றை ஏற்றிக்கொண்டு மெதுவாகக் கடை வரை போய்விடலாம். கிட் இருந்தால் வேலை கால் மணி நேரம். ஆணி எந்தச் சாய்வில் போயிருக்கிறது என்று பார்த்துக்கொண்டு பிளேயரால் இழுக்க வேண்டும். அதே சாய்வில் ரம்பப் பல் உள்ள கம்பியை விட்டு மூன்று நான்கு முறை முறுக்கி, துளையைச் சொரசொரப்பாக்க வேண்டும். பாவம் டயர், ஏற்கெனவே ஓட்டை, இதை ஏன் பெரிசாக்குவானேன் என்று சிலர் இந்த வேலையைப் பாதியில் விட்டுவிடுவார்கள். சொரசொரப்பு இல்லாவிட்டால் துளையை அடைக்கிற ரப்பர் ஸ்ட்ரிப் பிடிக்காது, இரண்டு நாளில் மறுபடி கசியும். அப்புறம் ஸ்ட்ரிப்பை கிட்டில் இருக்கும் ஊசியின் காதில் பாதியாக மடித்துக் கோத்து, சொல்யூஷன் தடவி, இரண்டு முனையும் வெளியே ஒரு சென்டிமீட்டர் நிற்கும் வரை அழுத்திவிட்டு, ஊசியை ஒரே வெட்டாக இழுக்க வேண்டும். ஊசிக் காதில் பிளவு இருப்பதால் ஸ்ட்ரிப் உள்ளேயே தங்கிவிடும். நீட்டி நிற்பதை ஒட்ட வெட்டாமல் இரண்டு மூன்று மில்லிமீட்டர் விட்டு வெட்டி, காற்றடித்து, சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்க்க வேண்டும். குமிழி வந்தால் இன்னொரு ஸ்ட்ரிப்.

இதற்கு எல்லை உண்டு. சாலையில் படும் பகுதியில், சுமார் 6 மில்லிமீட்டருக்கு உட்பட்ட துளைக்குத்தான் ஸ்ட்ரிப். பக்கச்சுவரில் கிழிசல் என்றால் எத்தனை ஸ்ட்ரிப் திணித்தாலும் நிற்காது, வண்டி ஓட ஓட அந்த இடம் வளைந்து நிமிர்ந்து துப்பிவிடும். டயரை மாற்றுவதுதான் வழி.

டியூப் வண்டிக்கு ரோட்டோரத்தில் நாமே பஞ்சர் போடுவது பலருக்கு நடக்கிற காரியமில்லை. ஆனால் ஊருக்கு ஊர் பஞ்சர் கடை இருக்கிறது. கைதேர்ந்த ஆள் பல வண்டிகளில் சக்கரத்தைக் கழற்றக்கூட மாட்டார். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, டயரின் ஒரு பக்கத்தை லீவரால் கிளப்பி, டியூபை வெளியே இழுத்து, காற்றடித்துத் தண்ணீரில் முக்கிப் பார்ப்பார். குமிழி வரும் இடத்தைத் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது ஓரளவு உலர்ந்த பிறகு ஒட்டுவார். இங்கே இரண்டு விஷயங்களைக் கூட நின்று கவனியுங்கள். டயரின் உட்புறத்தைக் கையால் தடவி ஆணி எடுத்தாயிற்றா என்று பார்க்கிறாரா? திரும்ப மாட்டும்போது லீவருக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்குகிறதா? பஞ்சர் போட்ட அன்றே மறுபடி காற்று இறங்கினால் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றுதான் காரணம்.

கடை தூரம் என்று காற்றில்லாமல் ஓட்டிப் போனால் ஒட்டுப் போடவே வழியிருக்காது. டயர் ரிம்மில் வழுக்கி டியூபையும் இழுத்துக்கொண்டு சுற்றும், வால்வு அடியோடு பிய்ந்துவிடும். புது டியூப்தான். இறங்கி, முதல் கியரில் இன்ஜின் இழுக்க, கூடவே நடந்து போவது மேல்.

இதுவரை கேட்டால் டியூப்லெஸ் ஜெயித்துவிட்டது போலத் தோன்றும். குழியில் விழுந்து ரிம் நசுங்கினால் கதை மாறும். டியூப்லெஸ்ஸில் டயரின் விளிம்பும் ரிம்மும் ஒட்டி நிற்பதுதான் மூடி. ரிம் நெளிந்தாலோ, ஸ்கூட்டரின் இரும்பு ரிம் துருப்பிடித்தாலோ அங்கேதான் கசியும், ஆணியைத் தேடிக்கொண்டே இருப்போம். விளிம்பு முழுசாகக் கழன்றுவிட்டால் சாதாரணக் கைப்பம்பால் உட்கார வைப்பது பெரும்பாடு, கம்ப்ரெசரின் வேகம் வேண்டும். டியூப் வண்டி கொஞ்சம் நெளிந்த ரிம்மோடும் வீடு வந்து சேரும். டியூப்லெஸ் வண்டிக்காரர் அந்த நிலையில் உள்ளே ஒரு டியூபைப் போட்டுத் தப்பிக்கலாம். ஆனால் பழைய ஸ்ட்ரிப்களின் வால் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தால் முதலில் வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் அதுவே டியூபை உரசித் தேய்க்கும்.

மாற்றும் ஆசை பலருக்கு எதிர்ப்பக்கம்தான். "அலாய் வீல்தானே, டியூபை எடுத்துட்டு வால்வு மட்டும் மாட்டினா போதும்" என்பார்கள். அலாய் எல்லாமே டியூப்லெஸ்ஸுக்கு ஆனதல்ல. டியூப்லெஸ் ரிம்மின் உட்புறத்தில் விளிம்பை ஒட்டிச் சிறு மேடு ஒன்று ஓடும். காற்று குறைந்தாலும் டயர் நடுவில் சரிந்து விழாமல் தடுப்பது அதுதான். டியூபுக்கென்று செய்த பழைய அலாய்களில் அந்த மேடு இருக்காது. சாதாரண நாளில் காற்று நிற்கும், ஆணி ஏறிய நாளில் கைவிட்டுவிடும். ரிம்மில் டியூப்லெஸ் என்றோ, அளவோடு MT என்றோ வார்த்திருந்தால் தைரியமாக மாற்றலாம். ஸ்போக் வீலில் அந்த யோசனையே வேண்டாம். ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 450-இன் சில மாடல்களைப் போல டியூப்லெஸ் ஸ்போக் வீலோடு வருகிற வண்டிகள் வேறு ரகம்.

ஆகவே, புது வண்டி வாங்குகிறவர் அலாயும் டியூப்லெஸ்ஸும் உள்ள மாடலையே எடுக்கட்டும். சீட்டுக்கு அடியில் கிட்டோடு ஒரு சின்னப் பம்பும் இருக்கட்டும், காற்றடிக்க வழியில்லாமல் ஸ்ட்ரிப் மட்டும் போட்டுப் பிரயோசனமில்லை. ஏற்கெனவே ஸ்போக் வண்டி வைத்திருப்பவர் டயருக்காக வீலை மாற்றத் தேவையில்லை. நெடுந்தூரம் போகும்போது ஒரு புது டியூபை, ஒன்றே ஒன்று என்றால் பின்சக்கர அளவில், பையில் போட்டுக்கொள்ளட்டும். கடைக்காரரிடம் ஒட்டும் சொல்யூஷனும் இருக்கும், உங்கள் வண்டி அளவுக்கு டியூப் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.