புகார் செய்வதா, தடுப்பதா, நாமே கொடுப்பதா: உறவினர் பகிரும் குழந்தைப் படங்கள்

பிள்ளைகளின் படங்களை உறவினர்கள் கேட்காமலே ஃபேஸ்புக்கிலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போடுவதை விரும்பாத பெற்றோருக்கு, நடைமுறையில் மூன்று வழிகள் இருக்கின்றன. போட்ட பிறகு அந்தத் தளத்திடம் புகார் செய்து நீக்கவைக்கலாம். யாரும் போடக் கூடாது என்று குடும்பம் முழுவதற்கும் பொதுவாகச் சொல்லிவிடலாம். அல்லது வெளியே போகத்தக்க படங்களை நாமே பொறுக்கியெடுத்து, அவர்கள் போடுவதற்கு முன்பே அவர்கள் கையில் கொடுத்துவிடலாம். எங்கள் மகளின் காதுகுத்துக்குப் பிறகு நாங்கள் மூன்றாவது வழிக்கு வந்து சேர்ந்தோம். ஆகவே இந்த அலசலும் அந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

வடபழனியில் காதுகுத்து முடிந்த அன்றிரவே என் நாத்தனார் ஃபேஸ்புக்கில் எல்லோரும் பார்க்கும்படி ஏழெட்டுப் படங்களைப் போட்டிருந்தார். தாய்மாமன் மடியில் குழந்தை வீறிட்டு அழும் படத்தின் கீழே அவளுடைய முழுப்பெயர், பிறந்த தேதி, அவள் போகும் விளையாட்டுப் பள்ளியின் பெயர் ஆகிய மூன்றும் வாழ்த்தோடு வாழ்த்தாக இடம்பெற்றிருந்தன. முகத்தைவிட இந்த மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்திருந்ததுதான் எங்களுக்கு உறுத்தியது. முன்பின் தெரியாத ஒருவர் பள்ளி வாசலில் நின்று குழந்தையைப் பெயர் சொல்லிக் கூப்பிட அவை போதும்.

முதல் வழியான புகாரைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பதின்மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளையின் படத்தை நீக்கும்படி பெற்றோர் கேட்பதற்கு ஃபேஸ்புக்கில் தனிப் படிவம் உண்டு. அதில் குறிப்பிட்ட படத்தின் இணைப்பைக் கொடுக்க வேண்டும். படம் நம் கண்ணில் பட்டால்தான் இணைப்பே கிடைக்கும் என்பதால், நாம் நட்புப் பட்டியலில் இல்லாத பெரியப்பாவின் பக்கத்தில் இந்த வழி எடுபடாது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் இருபத்து நான்கு மணி நேரத்தில் தானாகவே மறைந்துவிடுகிறது. அதற்குள் அதைப் பிரதி எடுத்துக்கொண்டவர்களிடமிருந்து யாராலும் அதைத் திரும்பப் பெற முடியாது. புகார் செய்தவர் யார் என்று தளம் சொல்வதில்லை என்றாலும், குடும்பத்தில் அதைக் கண்டுபிடிக்க யாருக்கும் நெடுநேரம் ஆகாது.

சட்டத்தைத் துணைக்கு அழைக்கலாமே என்று கேட்பவர்கள் நெதர்லாந்து வழக்கைக் காட்டுகிறார்கள். 2020ஆம் ஆண்டு அங்கே ஒரு நீதிமன்றம், மகளின் சம்மதம் இல்லாமல் பேரப்பிள்ளைகளின் படங்களை ஃபேஸ்புக்கிலும் பின்டரெஸ்டிலும் வைத்திருந்த பாட்டியை அவற்றை நீக்கச் சொல்லி, தவறினால் நாளொன்றுக்கு 50 யூரோ வீதம் 1,000 யூரோ வரை கட்ட வேண்டும் என்று உத்தரவிட்டது. அது ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்பு விதிகளின் அடிப்படையில் வந்த தீர்ப்பு. நம் நாட்டின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சம்மதத்தைக் கோருகிறது. ஆனால் தனிநபர் ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டு நோக்கத்துக்காகக் கையாளும் தரவுக்கு அதே சட்டம் விலக்கும் அளிக்கிறது. அத்தை போட்ட ஸ்டேட்டஸை எதிர்த்து இந்தச் சட்டத்தை நம்பி நிற்பது கடினம்.

பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது பொதுத் தடை என்னும் இரண்டாவது வழியைத்தான். அதைச் செய்வதானால் அவரவர் பக்கத்து உறவினரிடம் அவரவரே பேசுவது நல்லது. என் கணவர்தான் தம் அக்காவிடம் பேசினார். "ஏன்டா, நான் என்ன வெளியாளா?" என்று அவர் கேட்டார்; அரை மணி நேரத்தில் படங்களையும் எடுத்துவிட்டார். தடை வேலை செய்தது போலத்தான் இருந்தது. சில வாரங்கள் கழித்து வேறொரு உறவினர், "நேத்து பாப்பா படம் பாத்தேன், வளந்துட்டாளே" என்று சொன்னபோதுதான் விஷயம் புரிந்தது. வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸைக் குறிப்பிட்ட சிலருக்கு மட்டும் காட்டாமல் இருக்கும் வசதி உண்டு. நாத்தனாரின் ஸ்டேட்டஸ் எங்கள் இருவர் கண்ணுக்கு மட்டும் வராமல் போயிருந்தது. மற்ற எல்லோருக்கும் வழக்கம்போல வந்துகொண்டிருந்தது. தடையின் பெரிய குறை இதுதான். எவரிடம் ஆட்சேபித்தோமோ அவருடைய பக்கத்தை நாமே பார்க்க முடியாதவர்களாகிவிடுகிறோம். பள்ளியின் பெயர் போட்டிருக்கிறாரா என்பதுகூடத் தெரியாமல் போகிறது.

மூன்று வழிகளையும் பிரித்துக் காட்டும் ஒரே அளவுகோல், அடுத்த விசேஷத்தில் என்ன நடக்கும் என்பதே என்று நான் நினைக்கிறேன். மொட்டை, பிறந்தநாள், கொலு, பொங்கல் என்று வருஷம் முழுக்க ஏதாவது ஒன்று வந்துகொண்டிருக்கிறது. ஒவ்வொன்றிலும் கையில் போனோடு புதிதாகச் சிலர் வருகிறார்கள். புகாரை ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். தடையை ஒவ்வொரு முறையும் நினைவூட்ட வேண்டும். நினைவூட்டும் ஒவ்வொரு முறையும் ஒருவர் மனம் கோணுகிறது. முன்கூட்டியே படம் கொடுக்கும் வழி மட்டும் செய்யச் செய்ய இலகுவாகிறது.

அது ஏன் பலிக்கிறது என்றால், படம் போடுகிறவருக்கு வேண்டியது பெரும்பாலும் குழந்தையின் முகமே அல்ல. அத்தை முறைக்குச் சீர்த்தட்டோடு பட்டுப்புடவையில் வந்து நின்றதைத் தம் அலுவலகத் தோழிகள் பார்க்க வேண்டும் என்பதுதான் என் நாத்தனாரின் ஆசை. அது நியாயமான ஆசையும்கூட. ஆகவே அடுத்து வந்த பிறந்தநாளில், நாத்தனார் நடுவே நன்றாகத் தெரியும்படியும், குழந்தை அவர் தோளில் சாய்ந்து பின்னலும் மல்லிகைச் சரமும் மட்டும் தெரியும்படியும் ஒரு படம் எடுத்தோம். தாத்தாவுக்கு அவர் கையைப் பிடித்திருக்கும் சின்னக் கை, சித்திக்கு கொலுசுக் கால் என்று ஆளுக்கு ஒன்று. கொழுந்தனாரிடம் இந்த வேலையை ஒப்படைத்து, கடைசிப் பந்தி முடிவதற்குள் படங்களைக் குடும்பக் குழுவில் போடச் சொல்லிவிட்டோம். இதில் நேரம் முக்கியம்: உறவினர்கள் அன்றிரவே போட்டுவிடுவார்கள், ஸ்டுடியோக்காரரின் படங்களோ வாரக் கணக்கில் கழித்துத்தான் வரும். அந்த இடைவெளியில் யார் கையில் நல்ல படம் இருக்கிறதோ, அதுதான் ஊர் சுற்றும். "இதெல்லாம் தாராளமா போடுங்க, பேரும் ஸ்கூலும் மட்டும் வேண்டாம்" என்ற ஒரு வரியோடு அனுப்பினோம். நாத்தனார் அந்தப் படத்தை முகப்புப் படமாகவே வைத்துக்கொண்டார். அவருடைய ஸ்டேட்டஸும் மறுபடி எங்கள் கண்ணுக்கு வர ஆரம்பித்தது.

முகம் தெரியும் மற்ற படங்கள் கூகுள் ஃபோட்டோஸில் ஒரு பகிர்வு ஆல்பத்தில் இருக்கின்றன. இணைப்பு வைத்திருக்கும் எவரும் திறக்கும்படி விடாமல், இணைப்புப் பகிர்வை அணைத்துவிட்டு ஆட்களைப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறோம். ஆல்பம் எங்களுடையது என்பதால் யாரையும் எப்போது வேண்டுமானாலும் விலக்க முடியும். உள்ளே இருப்பவர் படத்தைத் தம் போனில் சேமித்துக்கொள்வதை மட்டும் இதனாலும் தடுக்க முடியாது.

இந்த வழிக்கும் விலை உண்டு. விசேஷ நாளில் ஒருவர் சாப்பாட்டைத் தள்ளிவைத்துப் படம் பொறுக்க வேண்டியிருக்கிறது. கொழுந்தனார் வராத நாளில் அந்த வேலை என் தலையில் விழுகிறது. எண்ணெய்க் குளியல் படம் போன்ற ஒன்றை யாராவது போட்டுவிட்டால் இந்தப் பொறுமைக்கே இடமில்லை. உடனே போன் செய்து எடுக்கச் சொல்ல வேண்டும், எடுக்காவிட்டால் அந்த நிமிடமே புகார்தான். பிரிந்து வாழும் பெற்றோரிடையே இது எடுபடுமா என்று அனுபவத்தில் சொல்ல என்னால் முடியாது. எங்கள் மகளுக்கு இப்போதுதான் நான்கு வயது. பதின்மூன்று வயதுக்குப் பிறகு ஃபேஸ்புக் பிள்ளையே புகார் செய்வதைத்தான் எதிர்பார்க்கிறது; அப்போது எந்தப் படம் போகலாம் என்று பொறுக்குவதும் அவளுடைய வேலையாகிவிடும்.