வெள்ளைக் காளைக்கு வெள்ளைப் பின்னணி: மீதிப் பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

எங்கள் மரச்செக்கு எண்ணெய்க் கடைக்கு அடையாள உருவமாக ஒரு மாஸ்காட் செய்யக் கொடுத்தோம். கழுத்தில் மணியும் தோளில் சிவப்புத் துண்டும் போட்ட வெள்ளைக் காளை. கையசைப்பது, கும்பிடுவது, துள்ளுவது, பக்கத்தில் சுட்டிக்காட்டுவது என 3 விநாடி அனிமேஷன்கள் நான்கு. எந்த விளம்பர வீடியோ எடுத்தாலும் அதன் மேல் காளையை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்று முதல் நாளே சொன்னோம். 18,000 ரூபாய், பாதி முன்பணம்.

வந்தவை நான்கு .mp4 கோப்புகள். கைபேசியில் பார்த்தபோது அழகாகவே இருந்தன, மீதியையும் அனுப்பிவிட்டேன். தீபாவளிக்குச் செக்கு ஓடும் வீடியோவின் மேல் வைத்தபோதுதான், காளையைச் சுற்றி ஒரு வெள்ளைக் கட்டம் இருப்பது தெரிந்தது. வழக்கமான .mp4 கோப்பில் பின்னணி இல்லாத படம் தங்காது. ProRes 4444 வகை .mov, அல்லது PNG படங்களின் வரிசை கேட்டு வாங்கியிருக்க வேண்டும்.

வடிவமைப்பாளரைக் கேட்டால், “எடிட்டிங்கில் வெள்ளையை நீக்கிக்கொள்ளுங்கள்” என்றார். நீக்கினோம். காளையும் வெள்ளைதானே! வயிறும் முகமும் ஓட்டையாகி, பின்னால் இருந்த செக்கு தெரிந்தது. அவரிடம் இருக்கும் மூலக் கோப்பைத் திறந்து மறுபடி வெளியெடுத்தால் தீர்ந்துபோகும் வேலை இது. அதற்கு 6,000 ரூபாய் கேட்டார். மூலக் கோப்பையாவது கொடுங்கள் என்றால், “அது எங்கள் சொத்து.” எனக்கு இன்னும் ஆறவில்லை.

கையசைப்பில் இன்னொரு குறை. கடையின் திரையில் திரும்பத் திரும்ப ஓடவிட்டபோது, தூக்கிய கை ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் வெட்டி இழுத்ததுபோல் கீழே விழுந்தது. கடைசி அசைவு முதல் அசைவோடு சேரும்படி செய்யப்படவே இல்லை.

கெஞ்சியபின், காளையை Illustrator மென்பொருளில் வரைந்த ஒரு .ai கோப்பு வந்தது. வேறொரு அனிமேட்டரிடம் காட்டினோம். எல்லாம் ஒரே படமாக ஒட்டியிருக்கிறது என்றார். கை, தலை, இமை, வாய் தனித்தனி அடுக்காக இருக்க வேண்டுமாம். கை மறைக்கும் விலாப்பகுதியையும் முழுதாக வரைந்திருந்தால்தான் கையைத் தூக்கும்போது பள்ளம் தெரியாது. முதலிலிருந்து வரைய வேண்டியதாயிற்று.

அப்படி வரையவும் அச்சம் இருந்தது, ஏனென்றால் காளையின் உருவம் யாருடையது என்று எழுதி வாங்கவில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆவது பிரிவுப்படி, உரிமையை மாற்றித் தருவது கையொப்பமிட்ட எழுத்தில் இருந்தால்தான் செல்லும். கால அளவு எழுதாவிட்டால் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே. ஆகவே கொம்பு, முகம், நிறம் எல்லாவற்றையும் மாற்றி, செவலைக் காளையாகவே வரைந்தோம்.

புதிய அனிமேட்டரின் கோப்புகள் வந்த அன்று, பணம் அனுப்பும் முன் ஒவ்வொன்றையும் கருநீலப் பின்னணியில் வைத்தேன், பத்து முறை தொடர்ந்து ஓடவிட்டேன், மூலக் கோப்பைத் திறந்து வலக்கையை மட்டும் நகர்த்திப் பார்த்தேன். நகர்ந்தது. பின்னால் விலா முழுதாக இருந்தது.