முதல் ஆன்டிபயாட்டிக்குக்கு அடங்காத யூரெத்ரைட்டிஸ்: மாத்திரையை மாற்றுவதா, முதலில் பரிசோதிப்பதா?

யூரெத்ரைட்டிஸ், அதாவது சிறுநீர் வெளியேறும் குழாயின் அழற்சிக்கு ஒரு வாரம் டாக்ஸிசைக்ளின் சாப்பிட்டு முடித்தவர், இரண்டு மூன்று வாரத்தில் அதே எரிச்சலோடு திரும்பி வருகிறார். மருத்துவர் முன்னால் அப்போது இரண்டு வழி இருக்கிறது. உடனே வேறு ஆன்டிபயாட்டிக் எழுதிக் கொடுக்கலாம். அல்லது மருந்துச் சீட்டை ஓரமாக வைத்துவிட்டு, உள்ளே என்ன மிச்சமிருக்கிறது என்று பார்க்கலாம். பால்வினை நோய் மருத்துவம் பார்க்கிற நான் இரண்டாவது வழியைத் தேர்ந்துகொண்டவன். அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

முதல் வழியின் சாதகங்களை நீட்டி முழக்க வேண்டியதில்லை. அன்றே மருந்து கிடைக்கிறது, செலவு குறைவு, நோயாளிக்கும் ஏதோ நடக்கிறது என்ற திருப்தி. சில சமயம் பலிக்கவும் செய்கிறது. ஆனால் அது ஒரு விஷயத்தை ஆராயாமலே ஏற்றுக்கொண்டுவிடுகிறது: முதல் மருந்து தோற்றது என்பதை. முதலில் அது உண்மையா என்று பார்க்க வேண்டும்.

மாத்திரையை ஏழு நாளும் இரண்டு வேளையும் போட்டாரா? இரும்புச்சத்து மாத்திரை, ஆன்டாசிட் இவற்றோடு சேர்த்துப் போட்டாரா? அவை டாக்ஸிசைக்ளினைக் குடலிலேயே பிடித்துவைத்து, உடலில் சேர விடாமல் செய்துவிடும். துணைக்கும் சிகிச்சை நடந்ததா, முடிவதற்கு முன்பே உறவு வைத்துக்கொண்டார்களா? இதற்கெல்லாம் பதில் கிடைத்தாலே பாதிக் குழப்பம் தீரும். துணை சிகிச்சை பெறாததால் மறுபடி தொற்றியது என்றால், புது மருந்து தேவையில்லை. அதே மருந்தை இருவரும் சேர்ந்து முடித்தால் போதும்.

அடுத்தது, அழற்சி உண்மையிலேயே இருக்கிறதா என்பது. கிருமி போன பிறகும் லேசான எரிச்சல் சில வாரம் தங்கலாம். சிலர் பயத்தில் நாளுக்கு நாலு முறை குழாயைப் பிதுக்கிப் பார்த்து, அதனாலேயே புண்ணாக்கிக்கொள்வார்கள். எனவே எரிச்சலை மட்டும் நம்பி மருந்து எழுதக் கூடாது. குழாயின் நுனியிலிருந்து சிறு பஞ்சுக் குச்சியில் எடுத்த சளியைக் கண்ணாடித் துண்டில் தேய்த்து, கிராம் சாயமிட்டு, எண்ணெய் லென்ஸில் பார்க்க வேண்டும். ஒரு பார்வைப் புலத்தில் இரண்டோ அதற்கு மேலோ சீழ் செல்கள் இருந்தாலே அழற்சி என்கிறது அமெரிக்க வழிகாட்டி. ஐரோப்பிய வழக்கம் ஐந்து என்று வைத்திருக்கிறது. சீழ் செல்லே இல்லையென்றால், ஆன்டிபயாட்டிக்கைத் தொடாமல் காத்திருப்பதே சரி.

இங்கே அடிக்கடி நடக்கும் ஒரு கோளாறைச் சொல்லியாக வேண்டும். நோயாளி கையில் "யூரின் கல்ச்சர், கிருமி வளரவில்லை" என்ற அறிக்கையோடு வருவார். அது பெரும்பாலும் நடுத்தாரைச் சிறுநீர். சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு அதுதான் சரியான மாதிரி. யூரெத்ரைட்டிஸுக்கோ முதல் தாரைதான் வேண்டும், ஏனென்றால் குழாயின் சுவரில் ஒட்டியிருப்பதை அடித்துக்கொண்டு வருவது அதுதான். குறைந்தது ஒரு மணி நேரமாவது சிறுநீர் கழிக்காமல் இருந்து, முதலில் வருகிற 20 முதல் 30 மில்லியை மட்டும் பிடிக்க வேண்டும். கோப்பை நிறையப் பிடித்தால் மாதிரி நீர்த்துப்போகும். மாதிரி சரியாக இருந்தாலும், இந்த நோயில் நாம் தேடும் முக்கியக் கிருமிகள் சாதாரணக் கல்ச்சரில் வளரவே வளராது. கல்ச்சர் சுத்தம் என்பதால் தொற்று இல்லை என்று ஆகிவிடாது.

சரி, அழற்சி நிஜம், மருந்தும் ஒழுங்காகப் போட்டாயிற்று, துணைக்கும் சிகிச்சை முடிந்தது, வழக்கமான பால்வினைத் தொற்றுகளான கொனோரியாவும் கிளமிடியாவும் இல்லை என்றும் முடிவு வந்துவிட்டது. அப்படியானால் முதல் சந்தேகம் மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் மேல்தான். தீராமல் இழுக்கும் அல்லது திரும்பி வரும் யூரெத்ரைட்டிஸில் சுமார் 40 சதவீதத்துக்கு இதுவே காரணம் என்கிறது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் 2021 வழிகாட்டி. இந்தக் கிருமிக்குச் செல் சுவர் கிடையாது. ஆகவே சுவரைத் தாக்கும் பெனிசிலின், செஃபலோஸ்போரின் வகை மருந்துகள் எதுவும் இதைத் தொடாது. கிராம் சாயத்திலும் தெரியாது. ஆய்வுக்கூடத்தில் வளர்க்க வாரங்கள், சில சமயம் மாதங்கள் ஆகும். அதனால் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் பி.சி.ஆர். வகைப் பரிசோதனைதான் நடைமுறையில் ஒரே வழி. டாக்ஸிசைக்ளின் இதை முழுவதுமாக ஒழிப்பது மூன்றில் ஒருவருக்குத்தான். மற்றவர்களிடம் கிருமியின் எண்ணிக்கை குறையும், சீழ் நிற்கும், ஆள் குணமானதாக நினைப்பார். பிறகு அது மெல்லத் தலைதூக்கும்.

என்னைப் பொறுத்தவரை இரண்டு வழிகளுக்கும் இடையில் தீர்ப்புச் சொல்வது இந்த இடம்தான். கண்ணை மூடிக்கொண்டு மருந்தை மாற்றும்போது, கை வழக்கமாகப் போவது அசித்ரோமைசின் ஒரு கிராம், ஒற்றை வேளை. ஒரு காலத்தில் அது நன்றாகவே வேலை செய்தது. இப்போது பல நாடுகளில் இந்தக் கிருமியில் பாதிக்கும் மேல் அதற்கு அடங்குவதில்லை. அசித்ரோமைசின் போய் ஒட்டிக்கொள்ள வேண்டிய இடம் கிருமியின் ரைபோசோமில் இருக்கிறது. அந்த இடத்தில் மரபணுவின் ஒரே ஒரு எழுத்து மாறினால் போதும், மருந்துக்குப் பிடி கிடைக்காது. அதைவிட மோசம், ஆரம்பத்தில் மருந்துக்கு அடங்கும் கிருமி இருந்தவர்களிலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு, அந்த ஒற்றை வேளை மருந்தே எதிர்ப்புள்ள வகையைத் தேர்ந்தெடுத்து மிச்சம் வைத்துவிடுகிறது. களையை வேரோடு பிடுங்காமல் நுனியை மட்டும் கிள்ளுகிற வேலை. பலிக்காத அசித்ரோமைசினால் நேரம் மட்டுமா போகிறது? சுலபமான மருந்து ஒன்றும் அந்த நோயாளிக்குக் கையை விட்டுப் போகிறது. அவர் மூலம் துணைக்கும்.

பலரிடம் பார்த்ததைச் சேர்த்து ஒரே ஆளாகச் சொல்கிறேன். இருபத்தெட்டு வயது இளைஞர். சீழ் வந்தது, கொனோரியாவும் கிளமிடியாவும் இல்லை, டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம் இரண்டு வேளையாக ஏழு நாள். ஐந்தாம் நாளே சீழ் நின்றுவிட்டது. மூன்றாவது வாரம் காலையில் எழுந்ததும் ஒரு துளி, நுனியில் அரிப்பு. வேறொரு இடத்தில் ஒரு கிராம் அசித்ரோமைசின் கொடுத்தார்கள். ஒரு வாரம் நிம்மதி, பிறகு பழைய கதை. என்னிடம் வந்ததும் கேட்டது, "டாக்டர், இன்னும் ஸ்ட்ராங்கா ஏதாவது குடுங்க." "குடுக்கலாம் தம்பி, எதுக்குக் குடுக்கிறோம்னு தெரிஞ்சுக்கிட்டுக் குடுப்போம்" என்றேன். சளியில் சீழ் செல் இருந்தது. முதல் தாரைச் சிறுநீரில் மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டாலியம் பாசிட்டிவ், கூடவே அசித்ரோமைசினுக்கு எதிர்ப்புத் தரும் மரபணு மாற்றமும் இருந்தது. அந்த ஒரு வரியோடு அசித்ரோமைசின் பேச்சு முடிந்தது. முதலில் மறுபடியும் டாக்ஸிசைக்ளின் ஏழு நாள். கிருமியை ஒழிக்க அல்ல, கூட்டத்தைக் குறைக்க. அதையடுத்து இடைவெளி விடாமல் மாக்ஸிஃப்ளாக்சசின் 400 மில்லிகிராம், தினம் ஒரு வேளை, ஏழு நாள். துணைக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. ஆனாலும் பரிசோதித்தபோது பாசிட்டிவ். அவருக்கும் அதே வரிசை.

எதிர்ப்பு மாற்றம் இல்லை என்று வந்திருந்தால் இரண்டாம் கட்டம் மாறியிருக்கும்: அசித்ரோமைசின் முதல் நாள் ஒரு கிராம், அடுத்த மூன்று நாள் 500 மில்லிகிராம் வீதம். எதிர்ப்பைச் சொல்லும் பரிசோதனை கிடைக்காத ஊர்களும் உண்டு. அங்கே கிருமி பாசிட்டிவ் என்றாலே டாக்ஸிசைக்ளினுக்குப் பின் மாக்ஸிஃப்ளாக்சசின் என்பதுதான் அமெரிக்க வழிகாட்டியின் முடிவு.

அப்படியானால் எல்லோருக்கும் நேராக மாக்ஸிஃப்ளாக்சசினே கொடுத்துவிடலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. தசைநாண் கிழிவது, இதயத் துடிப்பின் தாளம் கெடுவது, சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை தாறுமாறாவது என்று அந்த மருந்துக்கு ஒரு பட்டியலே இருக்கிறது. அதற்கும் எதிர்ப்பு வளர்ந்துகொண்டு வருகிறது. காரணம் தெரியாமல் அதை எழுத எனக்குக் கை வராது. இரண்டுமே தோற்றால் மினோசைக்ளின் இரண்டு வாரம் என்று ஒரு வழி இருக்கிறது. அதில் என் கை அனுபவம் கொஞ்சம்தான், அழுத்திச் சொல்ல மாட்டேன்.

மைக்கோபிளாஸ்மாவும் இல்லையென்றால் தேடல் நோயாளியைப் பொறுத்தது. பெண்களோடு உறவுள்ள ஆண் என்றால் டிரைக்கோமோனாஸ் ஒட்டுண்ணியைத் தேடலாம். அதற்கும் பி.சி.ஆர்.தான் நம்பகமானது, மருந்து மெட்ரோனிடசோல். டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் எதுவும் இதை அசைக்காது என்பதால், பரிசோதிக்காமல் மருந்து மாற்றுகிறவர் இதைத் தவறவிட்டுவிடுவார். சிறுநீர் கழிக்கும்போது வலி உயிர் போகிறது, சீழோ மிகக் குறைவு, குழாயின் வாய் சிவந்திருக்கிறது என்றால் ஹெர்ப்பிஸ் அல்லது அடினோவைரஸ் நினைவுக்கு வர வேண்டும். கூடவே கண்ணும் சிவந்திருந்தால் பெரும்பாலும் அடினோவைரஸ். அதற்கு ஆன்டிபயாட்டிக் எதுவுமே வேண்டாம், தானே அடங்கும்.

பரிசோதனைப் பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. ஏழெட்டுக் கிருமிகளை மொத்தமாகப் பார்க்கும் பேக்கேஜ்களில் யூரியாபிளாஸ்மா பாசிட்டிவ் என்று அடிக்கடி வரும். ஆரோக்கியமானவர்களிடமும் அது சாதாரணமாகக் குடியிருப்பது. அந்த ஒரு வரியைப் பார்த்து மூன்று விதமான ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பரிசோதிப்பது நல்லது என்பதற்காக எல்லாவற்றையும் பரிசோதிப்பது நல்லதாகிவிடாது.

முதல் வழிக்கும் ஒரு இடம் கொடுத்தாக வேண்டும். மைக்கோபிளாஸ்மா பரிசோதனை அறவே கிடைக்காது, அழற்சி சளியில் உறுதியாகிவிட்டது, நோயாளி மறுபடி வருவாரா என்பதே சந்தேகம் என்றால் காத்திருப்பதில் அர்த்தமில்லை. அப்போதும் ஒற்றை வேளை ஒரு கிராமைத் தவிர்த்து, மேலே சொன்ன நாலு நாள் அளவில் அசித்ரோமைசின் கொடுக்கிறேன். ஏற்கெனவே அசித்ரோமைசின் சாப்பிட்டுத் தோற்றவர் என்றால் அதையும் கொடுப்பதில்லை.

சிகிச்சை முடிந்து மறுபடி பார்ப்பதென்றால் அவசரப்படக் கூடாது. செத்த கிருமியின் மரபணுத் துணுக்குகள் குழாயில் சில வாரம் தங்கியிருக்கும், பி.சி.ஆர். அதையும் பாசிட்டிவ் என்றே காட்டும். மூன்று வாரத்துக்கு முன் எடுக்கவே வேண்டாம், ஐந்தாவது வாரம் நல்ல நேரம். எல்லாமே நெகட்டிவ், சளியில் சீழ் செல்லும் இல்லை, ஆனால் இடுப்படியில் வலி மூன்று மாதம் தாண்டியும் நீடிக்கிறது என்றால், அது புராஸ்டேட், இடுப்புத் தசை சார்ந்த வலியாக இருக்கலாம். அவரை நான் சிறுநீரகவியல் மருத்துவரிடம் அனுப்பிவிடுகிறேன்.