ஏற்பி மரத்துப்போவதும் மறைந்துபோவதும்

அதே அளவு போதைப்பொருள் நாளடைவில் முன்புபோல் வேலை செய்வதில்லை. மூளைச் செல்லில் மருந்து வந்து ஒட்டும் புரதங்களான ஏற்பிகள் இரு வழிகளில் பின்வாங்குவது இதற்கு முக்கியக் காரணம்.

ஒன்று, மரத்துப்போவது. மார்ஃபின் தொடர்ந்து ஒட்டியிருக்கும் ஓபியாய்டு ஏற்பியின் வாலில், செல்லுக்குள் இருக்கும் ஒரு நொதி பாஸ்பேட்டைச் சேர்க்கிறது. அதன்மேல் அரெஸ்டின் என்ற புரதம் வந்து அமர்ந்துவிடுகிறது. ஏற்பி அதே இடத்தில்தான் இருக்கிறது, மருந்தும் ஒட்டுகிறது. செய்தி மட்டும் உள்ளே சரியாகப் போவதில்லை. இது நிமிடங்களில் தொடங்கும். பாஸ்பேட் நீங்கினால் ஏற்பி மீண்டும் விழித்துக்கொள்ளும்.

மற்றது, எண்ணிக்கையே குறைவது. செல் தன் ஏற்பியை உள்ளிழுத்துச் சிதைத்துவிடுகிறது. இழப்பை ஈடுசெய்யப் புதிய ஏற்பிகளை உருவாக்க வேண்டும் என்பதால் மீட்சி மெதுவானது. தினமும் கஞ்சா புகைத்தவர்களின் மூளையை பெட் ஸ்கேனில் பார்த்த ஆய்வு 2012-இல் வெளியானது. மூளையின் வெளி அடுக்கான புறணியில், கஞ்சா ஒட்டும் கன்னாபினாய்டு ஏற்பிகள் சுமார் 20 சதவீதம் குறைந்திருந்தன. நான்கு வாரம் நிறுத்திய பிறகு பெரும்பாலும் மீண்டன.

இந்த மீட்சியிலேயே ஓர் ஆபத்து இருக்கிறது, அதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். ஹெராயினைச் சில வாரம் நிறுத்தியவரின் தாங்குதிறன் இறங்கிவிடுகிறது. அவர் பழைய அளவையே மறுபடி எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம்.